கைமாறு: மயிலாப்பூர் பழைய புத்தகக் கடையின் அடையாளக் கையேடு

வரும் தை மாதம் மயிலாப்பூரில் ஒரு முதல் மாடியில், 340 சதுர அடி இடத்தில் திறக்கப்படவிருக்கும் ‘கைமாறு’ கடையில் பணியாற்றப் போகிறவர்களுக்காகவும், பலகை எழுதுபவருக்காகவும், நூல்களுக்குள் செருகும் சீட்டுகளை அச்சிட்டுத் தரும் அச்சகத்தாருக்காகவும் இக்கையேடு எழுதப்படுகிறது. உரிமையாளரின் கிடங்கில் ஏறத்தாழ 9,000 நூல்கள் உள்ளன. கடையில் எந்த நாளிலும் 1,200க்கு மேல் இருக்கக் கூடாது என்பதே இந்த அடையாளத்தின் முதல் முடிவு. நிறமும் எழுத்தும் அதன் பிறகுதான் வருகின்றன, ஏனெனில் தரையிலிருந்து கூரைவரை கட்டுக்கட்டாக அடுக்கிய அறையின் வாசலில் எவ்வளவு அழகான பலகையை மாட்டினாலும் வருகிறவர் கண்ணில் படுவது கட்டுகள்தாம்.

பெயர்

ஒரு புத்தகம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதைக் கைமாறுதல் என்கிறோம். கடையின் பெயர் அந்த வினையிலிருந்து வந்தது. 211ஆம் குறளின் முதற்சொல்லான ‘கைம்மாறு’ வேறு. அது செய்த உதவிக்குத் திரும்பச் செய்வதைக் குறிப்பது. இரண்டும் காதில் ஒட்டி ஒலிப்பது நமக்கு இலாபமே. ஆனால் எழுத்தில் ஒரு ‘ம்’ கூடினால் பொருள் மாறிவிடும். பிழை திருத்துவதாக எண்ணி அச்சகத்தில் யாரேனும் அந்த மெய்யைச் சேர்த்துவிட வாய்ப்பு மிகுதி என்பதால், ஒவ்வொரு மெய்ப்பிலும் இதை முதலில் பார்க்கவும்.

பெயருக்குக் கீழே ‘பழைய புத்தகக் கடை’ என்றே எழுதப்படும். ‘தேர்ந்த நூல்களின் காட்சியகம்’ என எழுதலாமே என்றொரு யோசனை வந்தது. பழைய புத்தகம் என்றதும் எடைக்கு எடை போடும் பழைய பேப்பர் கடை நினைவுக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சம் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலும், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும் இந்நகரத்து வாசகர்கள் தேடிப் போனது பழைய புத்தகங்களைத்தான். அச்சொல்லில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அங்கே தேடுவதே இன்பம். இங்கே அந்தத் தேடலை முன்கூட்டியே ஒருவர் செய்து வைத்திருக்கிறார் என்பதுதான் வேறுபாடு.

எழுத்தும் நிறமும்

கடையின் சின்னம் பெயர் மட்டுமே. திறந்த புத்தகம், மூக்குக் கண்ணாடி, ஆந்தை, மைக்கூடு எதுவும் வேண்டாம். ‘கைமாறு’ என்ற மூன்றெழுத்தும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அடியாகக் கொண்டு, ‘று’வின் வால் மட்டும் சற்று நீட்டி வரையப்பட்டுள்ளன; அந்த வாலை மேலும் நீட்டி அடிக்கோடாக்கும் ஆசையைப் பலகை எழுதுபவர் அடக்கிக்கொள்ள வேண்டுகிறோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் பழைமையின் சாயலை எளிதில் தரும் என்பதால், தட்டுத் தலைப்பில் ‘கலை’ என்பதைத் துதிக்கை போட்ட லகரத்தில் எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். அந்த வடிவம் தட்டில் இருக்கும் நூல்களின் அட்டையிலேயே இருக்கிறது. நாமும் அதைப் போட்டால் வேடம் கட்டியதாகிவிடும்.

அதே காரணத்தால் பழுப்பும் விலக்கப்படுகிறது. நூல்களே போதிய பழுப்பு. சுவர் சுண்ணாம்பு வெள்ளை. பலகையும் சீட்டின் எழுத்தும், பைண்டிங் கடைகளில் காலிகோத் துணிக்கு வாங்கும் கருநீலம். திரையில் அதன் எண் #1F2F4F. மூன்றாவது நிறம் இல்லை.

தட்டுகள்

மூன்றடித் தட்டு ஒன்றுக்கு 35 நூல்கள், வலப்புறம் ஒரு சாண் இடைவெளி. மொத்தம் 34 தட்டுகள். அந்த ஒரு சாணில் நூலைப் படுக்கவைத்துச் செருகக் கூடாது. ஒன்று வர வேண்டுமானால் ஒன்று கிடங்குக்குப் போக வேண்டும். பள்ளிக் கைடுகள், தேர்வுப் புத்தகங்கள், பாடநூல்கள் ஆகியவை கடையில் இடம்பெறா. அவற்றைக் கேட்டு வருகிறவரை முகம் சுளிக்காமல் பாரதி சாலைக்கு வழி சொல்லி அனுப்பவும்.

தட்டுகளின் தலைப்புகள் நாவல், கட்டுரை, கவிதை என்று நூலகப் பட்டியல்போல் இருக்க வேண்டியதில்லை. வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து வீட்டில் பைண்ட் செய்து வைத்த தொகுப்புகள் பிற மொழிகளுக்கு எப்படியோ, தமிழ் வீடுகளுக்கு மிக நெருக்கமானவை. அவற்றுக்கு ‘வாராவாரம் சேர்த்தவை’ என்று தனித் தட்டு. சோவியத் காலத்தில் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டை நூல்களுக்கு ‘மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்’. தலைப்பு ஐந்து சொற்களைத் தாண்டக் கூடாது.

சீட்டு

கடையின் உண்மையான முகம் இதுதான். ஒவ்வொரு நூலிலும், அகலம் இரண்டு அங்குலமும் நீளம் ஆறு அங்குலமும் உள்ள ஒரு வெள்ளைச் சீட்டு செருகப்பட்டிருக்கும். இந்நூல் ஏன் இங்கே இருக்கிறது என்பதும் அதன் குறைகளும் விலையும் அதில் கையால் எழுதப்படும். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த நூல் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். மாதிரிக்கு இரண்டு:

“1962இல் ஒரு வார இதழில் வந்த தொடர்கதை, படங்களுடன். ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் இல்லை; சேர்த்தவர் அந்தக் கதைச் சுருக்கத்தைத் தம் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்காகவே எடுத்தோம். ரூ. 450.”

“வீட்டுச் சமையல் நூல். எண்ணெய்க்கறை பட்ட பக்கங்களே அதிகம் சமைக்கப்பட்டவை. முதுகு தளர்ந்துள்ளது. ரூ. 120.”

அரிய, பொக்கிஷம், கிடைத்தற்கரிய, காலத்தால் அழியாத ஆகிய சொற்கள் சீட்டிலும் விளம்பரத்திலும் கூடா. பூச்சி அரித்திருந்தால் பூச்சி அரித்தது என்றே எழுதவும். ‘லேசான பயன்பாட்டு அடையாளங்கள்’ என்று எழுதி, வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்து நொந்துகொள்ளும்படி செய்ய வேண்டாம். வாடிக்கையாளரிடம் பேசும்போதும் இதே நடை: வாங்க, பாருங்க என்று சொல்லிவிட்டு, கேட்கும்வரை பரிந்துரைக்காமல் இருப்பது.

நூலுக்குள்

விலையை 2பி பென்சிலால் கடைசித் தாளின் மேல்மூலையில், அழுத்தாமல், சிறிதாக எழுதவும். ஒட்டுவில்லை வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் அதன் பசை அட்டையோடு ஊறி, பிரிக்கும்போது மேல்தாளையும் உரித்துக்கொண்டு வரும். பூச்சிக்கு அந்துருண்டைக்குப் பதில் வசம்பு, துணியில் முடிந்து தட்டின் பின்புறம். கடைக்குள் நுழைந்ததும் எழும் மணமும் அடையாளத்தில் சேர்த்திதான்.

முந்தைய உரிமையாளரின் கையெழுத்து, வாடகை நூலகத்தின் முத்திரை, “அன்புத் தங்கைக்குத் திருமணப் பரிசு” என்ற எழுத்து ஆகியவற்றை அழிக்கவோ மறைக்கவோ கூடாது. முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்தால் மட்டும், நூலை விற்றவரிடம் கேட்டு, அவர் விரும்பினால் அந்த வரியின்மேல் ஒரு தாள்துண்டை ஒட்டவும். உரிமையாளர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ‘கைமாறு, மயிலாப்பூர்’ ரப்பர் முத்திரையை இரசீதிலும் காகிதப் பையிலும் குத்தலாம். நூலில் குத்த வேண்டாம். நம் சீட்டை உருவி எடுத்துவிட்டால் நாம் அதில் இருந்த தடமே இருக்கக் கூடாது.