31.12.2024 அன்றைய நிலுவை: உங்கள் உறுதிக் கடிதத்துக்குப் பதில்

தேதி: 27.01.2025

அனுப்புநர்: மேலாளர், வரவுக் கணக்குப் பிரிவு (சப்ளையர் நிறுவனம்)
பெறுநர்: தணிக்கையாளர்கள், எங்கள் லெட்ஜரில் 2307 எண்ணுள்ள வாடிக்கையாளர் நிறுவனத்துக்காக

பார்வை: உங்கள் 16.01.2025 தேதியிட்ட நிலுவை உறுதிக் கடிதம்

ஐயா / அம்மா,

31.12.2024 அன்று எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 18,42,650 என்று வாடிக்கையாளரின் புத்தகம் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அதே தேதியில் எங்கள் லெட்ஜரில் நிற்பது 21,97,400. வித்தியாசம் 3,54,750. அதனால் நீங்கள் அனுப்பிய படிவத்தில் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற கட்டத்தில் குறி இட்டுக் கையெழுத்துப் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறோம். தொகைகள் எல்லாம் பில் போட்ட நாணயத்திலேயே இருக்கின்றன. செலாவணி மாற்றத்தால் வந்த வித்தியாசம் எதுவும் இதில் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் 21,97,400 சரி, அவர்களுடைய 18,42,650 தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பில் பில்லாக உட்கார்ந்து பார்த்ததில் எங்கள் புத்தகத்திலும் பிழைகள் அகப்பட்டன. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு 31.12.2024 அன்று எங்களுக்கு வர வேண்டியது என்று நாங்கள் உறுதி சொல்லும் தொகை 19,14,350. அது எப்படி வந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பெரிய வித்தியாசம் 1187 எண் பில், தொகை 2,16,400. சரக்கு டிசம்பர் 30 அன்று எங்கள் கிடங்கை விட்டுக் கிளம்பியது. அன்றே பில் போட்டு விற்பனையில் ஏற்றிவிட்டோம். லாரி வாடிக்கையாளரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது ஜனவரி 3. அவர்களும் அந்தத் தேதியில்தான் வரவு வைத்திருக்கிறார்கள். ஆர்டரில் உள்ள நிபந்தனை இன்கோடெர்ம்ஸ் 2020-இன் டி.ஏ.பி.; அதாவது குறித்த இடத்தில், இறக்குவதற்குத் தயாராக வண்டி நிற்கும் வரை சரக்கின் பொறுப்பு எங்களுடையது. டிசம்பர் 31 இரவு அது வழியில் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது. ஆகவே இந்த பில்லை ஆண்டு முடிவு நிலுவையில் சேர்த்தது எங்கள் தவறு, அவர்கள் செய்ததே சரி. விற்பனையை ஜனவரிக்கு மாற்றி, சரக்கை எங்கள் டிசம்பர் இருப்புக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

அடுத்தது 1,25,000 பணம். டிசம்பர் 31 அன்று அனுப்பியதாக வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். எங்கள் வங்கிக் கணக்கில் அது வரவானது ஜனவரி 2. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறோம். அவர்களுடைய வங்கியிலிருந்து எந்தத் தேதியில் பணம் போனது என்பது எங்களுக்குத் தெரியாத விஷயம், அதை நாங்கள் உறுதி செய்யவும் முடியாது. அது உங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது. எங்களைப் பொறுத்தவரை டிசம்பர் 31 அன்று அந்தப் பணம் கைக்கு வரவில்லை. அதனால் 19,14,350-க்குள் இதுவும் இருக்கிறது. ஜனவரி 2 அன்று முழுத் தொகையும் வந்து சேர்ந்துவிட்டது, அதில் சண்டை ஒன்றும் இல்லை.

மூன்றாவது, சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நவம்பர் 12 அன்று வாடிக்கையாளர் அனுப்பிய 38,600 எங்கள் லெட்ஜரில் 2370 எண்ணுள்ள வேறொருவரின் கணக்கில் ஏறியிருந்தது. 2307-ஐ 2370 என்று அடித்துவிட்டார்கள். தங்கள் கணக்கில் கூடுதலாக வரவு விழுந்ததைப் பார்த்து யாரும் போன் செய்யவில்லை, ஆகவே இரண்டு மாதமாக அது அப்படியே கிடந்தது. ஜனவரி 21 அன்று மாற்றுப் பதிவு போட்டுச் சரிசெய்தோம். அந்தப் பதிவின் நகலும் நவம்பர் மாத வங்கிப் பக்கமும் இணைப்பில் உள்ளன. வாடிக்கையாளரின் புத்தகத்தில் இது சரியாகவே இருக்கிறது.

இனி 46,750 டெபிட் நோட். இதில்தான் இரு தரப்புக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது. நவம்பர் 28 தேதியிட்ட 1121 எண் பில்லில் போன ஃபிலிம் ரோல்களில் 55 ரோல் நனைந்து வந்ததாகச் சொல்லி, ரோலுக்கு 850 வீதம் டிசம்பர் 9 அன்று வாடிக்கையாளர் டெபிட் போட்டிருக்கிறார். சரக்கு இறக்கிய அன்று லாரி ரசீதின் பின்பக்கத்தில் அவர்களுடைய கிடங்குக்காரர் பேனாவில் எழுதியது ‘நனைந்தது 33’. கீழே ஓட்டுநரின் கையெழுத்தும் இருக்கிறது. 33-க்கு எந்த மறுப்பும் எங்களுக்கு இல்லை. ஜனவரி 14 அன்று 28,050-க்கு கிரெடிட் நோட் கொடுத்துவிட்டோம். கிரெடிட் நோட்டின் தேதி ஜனவரியாக இருந்தாலும் நனைந்தது நவம்பரில் என்பதால், எங்கள் ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் டிசம்பருக்கே எடுத்துக்கொள்கிறோம். மீதி 22 ரோல் பற்றிய புகார், சரக்கு இறக்கி ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, லாட் எண் தெரியாத படங்களோடு வந்தது. அதற்குரிய 18,700 எங்களுக்கு வர வேண்டியதுதான் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் வாடிக்கையாளர் மறுக்கிற தொகை இது என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை. அந்த ரசீதின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறோம்.

கடைசி வித்தியாசம் எதிர்ப்பக்கம். அக்டோபர் 1 முதல் ரோல் விலை 900-லிருந்து 850-க்குக் குறைந்தது. நவம்பர் 15 வரை பழைய விலையிலேயே பில் போய்விட்டதால், அந்த 1,440 ரோலுக்கும் ரோலுக்கு 50 வீதம் 72,000-க்கு டிசம்பர் 20 அன்று கிரெடிட் நோட் எண் 214 மின்னஞ்சலில் அனுப்பினோம். எங்கள் புத்தகத்தில் அது குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் இன்னும் பதிவு செய்யவில்லை போலத் தெரிகிறது. அவர்கள் காட்டும் பாக்கியில் 72,000 அதிகமாக இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது:

எங்கள் லெட்ஜர்படி: 21,97,400
கழிக்க, 1187 பில் (ஜனவரி விற்பனை): 2,16,400
கழிக்க, வேறு கணக்கில் ஏறிய பணம்: 38,600
கழிக்க, நனைந்த 33 ரோல்: 28,050
சரிசெய்த நிலுவை: 19,14,350

வாடிக்கையாளர் புத்தகப்படி: 18,42,650
கழிக்க, பதியாத கிரெடிட் நோட் 214: 72,000
கூட்ட, வழியில் இருந்த பணம்: 1,25,000
கூட்ட, நாங்கள் ஏற்காத 22 ரோல்: 18,700
சரிசெய்த நிலுவை: 19,14,350

வாடிக்கையாளர் புத்தகத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. இரண்டாவது கணக்கு, வித்தியாசம் முழுவதும் விளங்கிவிட்டது என்று காட்டுவதற்கு மட்டும். நாங்கள் உறுதி சொல்வது முதல் கணக்கைத்தான்.

உங்கள் படிவத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கும் பதில்: முன்பணமோ வைப்புத் தொகையோ எங்களிடம் எதுவும் இல்லை. இந்த நிலுவையை நாங்கள் எந்த வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. வாய்மொழியாகவோ தனிக் கடிதமாகவோ வேறு தள்ளுபடி ஒப்பந்தம் கிடையாது; விலைக்குறைப்பு மேலே சொன்னது மட்டுமே. கெடு 60 நாள். டிசம்பர் 31 அன்று கெடு தாண்டியவை 4 பில்கள், மொத்தம் 2,84,500. வாடிக்கையாளருக்குச் சொந்தமான அச்சு உருளைகள் 6 எங்கள் ஆலையில் இருக்கின்றன. பில் போட்டு அனுப்பாமல் வைத்திருக்கும் சரக்கு எதுவும் இல்லை.

ஒரு சின்னத் தகவல். ஜனவரி 20 அன்று வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். “18,42,650-க்கே கையெழுத்துப் போட்டு எங்களுக்கு அனுப்பிவிடுங்கள், அப்புறம் ஏப்ரலுக்குள் சரிசெய்து கொள்ளலாம்” என்றார். ஆண்டு முடிவு அவசரத்தில் கேட்டது என்றே எடுத்துக்கொண்டோம், வேறு நோக்கம் இருந்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பதிலை நேரடியாக உங்களுக்கே அனுப்பும்படி உங்கள் கடிதத்தில் இருந்தது. தணிக்கைத் தரம் ஐ.எஸ்.ஏ. 505-உம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. எங்களுக்குத் தெரிந்தே ஒத்துப்போகாத தொகையில் கையெழுத்துப் போடவும் முடியாது. அதனால்தான் இந்த ஒரு வார தாமதம். இதே பதிலின் நகலை, இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்கும் அனுப்புகிறோம்.

ஜனவரி 5 அன்று நாங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் பழைய 21,97,400 இருக்கும். அது உங்கள் கைக்கு வந்திருந்தால், 31.12.2024 நிலுவையைப் பொறுத்தவரை இந்தக் கடிதம் அதற்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நாங்கள் ஏற்றுக்கொண்ட திருத்தங்களைத் தவிர, எந்த பில்லிலும் எங்கள் உரிமையை இந்தக் கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்று உங்கள் அலுவலகப் பொது எண்ணில் கேட்டு உறுதி செய்த பிறகே ஸ்கேன் நகலை அனுப்புகிறோம். கையெழுத்திட்ட அசல், பதிவு அஞ்சலில் தனியாக வருகிறது. 1187-இன் லாரி ரசீது தெளிவாக இல்லை என்றால் சொல்லுங்கள், போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து அவர்கள் வைத்துள்ள நகலை வாங்கி அனுப்புகிறோம். 22 ரோல் விஷயத்தில் வாடிக்கையாளரிடம் லாட் எண் தெரியும் படங்கள் இருந்து, அவை உங்கள் பார்வைக்கு வந்தால், எங்களுக்கும் அனுப்பும்படி அவர்களிடம் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,

மேலாளர், வரவுக் கணக்குப் பிரிவு
(நிறுவனத்தின் சார்பில் நிலுவை உறுதிப்படுத்த அதிகாரம் பெற்றவர்)

இணைப்பு: குறியிட்ட உறுதிப் படிவம், 2307 லெட்ஜர் நகல், 1187, 1121 பில்களும் லாரி ரசீதுகளும், நவம்பர், ஜனவரி வங்கிப் பக்கங்கள், 21.01.2025 மாற்றுப் பதிவு, 20.12.2024, 14.01.2025 கிரெடிட் நோட்டுகள்.