ஏழு மணிக்கு மேல் மாவு: போஸ்டரில் இருப்பதும் அதன் முன் நின்று நாம் சொல்வதும்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை ஆய்வுக் குழு. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குத் துறை அரங்கில் நிற்கப்போகும் மூன்று பேருக்கும் இதுதான் இறுதிப் பிரதி.

போஸ்டரில் அச்சாகும் வாசகம்

*தலைப்பு:* வீட்டுக்குத் தாமதமாக வருபவர்கள் பாக்கெட் மாவு வாங்குகிறார்கள். மாவுக் கடையோ அதற்குள் மூடிவிடுகிறது.

*கேள்வி:* இட்லி மாவைக் கடையில் வாங்கும் வடசென்னை வீடுகள், அரைத்து அளந்து தரும் மாவை விட்டுவிட்டு எப்போது பாக்கெட்டுக்குப் போகின்றன?

*எப்படிக் கேட்டோம்:* மூன்று பகுதிகள், பகுதிக்கு 4 தெருக்கள், தெருவுக்கு 8 வீடுகள். ஒவ்வோர் ஐந்தாவது கதவு. மாலை 5 முதல் 8.30 வரை, பூட்டியிருந்த வீடுகளுக்கு ஞாயிறு காலை மறுபடி. தட்டிய கதவுகள் 163. வீட்டிலேயே அரைப்பவர்கள் 41, ஆளில்லாத அல்லது மறுத்த வீடுகள் 26. மிச்சம் 96 வீடுகளில், சமைப்பவரிடம் கடைசியாக வாங்கிய மாவைப் பற்றிக் கேட்டோம். கூடவே 9 மாவுக் கடைகள் மூடும் நேரத்தைப் பார்த்துக் குறித்தோம்.

*கண்டது:* சமைப்பவர் இரவு 7 மணிக்கு மேல் வீடு திரும்பும் 36 வீடுகளில் 22 பாக்கெட் வாங்கின (61%). அதற்கு முன் திரும்பும், அல்லது வீட்டிலேயே இருக்கும் 60 வீடுகளில் 16 (27%). 9 கடைகளில் 6, இரவு 8 மணிக்குள் ஷட்டரை இறக்கிவிட்டன.

*வாங்கியவர் சொன்ன முதல் காரணம்:* பாக்கெட் வாங்கிய 38 வீடுகள்: வரும்போது கடை மூடியிருக்கும் 17, ஃபிரிட்ஜில் தாங்கும் 9, சுத்தம் 7, மற்றவை 5. அளந்த மாவு வாங்கிய 58 வீடுகள்: அன்றைக்கு அரைத்தது, புளிக்கவில்லை 24, வேண்டிய அளவுக்கு வாங்கலாம் 19, விலை குறைவு 9, மற்றவை 6.

*கடைக்காரருக்கு:* மாலை 4 மணிக்கு இரண்டாவது ஈடு. அரை கிலோ கவர், மேலே அரைத்த நேரம். இரவு 10 வரை திறந்திருக்கும் பக்கத்துப் பால் கடை ஃபிரிட்ஜில் வைக்க ஏற்பாடு.

*இதன் எல்லை:* மூன்று பகுதிகளுக்கு மட்டும். வடசென்னை முழுமைக்கும் இதை நீட்டக் கூடாது.

ஏன் இவ்வளவுதான்

வினாத்தாளில் 27 கேள்விகள் இருந்தன. போஸ்டரில் நாலுக்குத்தான் இடம். வயது, வருமானம், குடும்ப அளவு மூன்றையும் எடுத்துவிட்டோம். அவை பாக்கெட்டையும் அளந்த மாவையும் பிரித்துக் காட்டவில்லை. வட்ட விளக்கப்படம் ஒன்றுகூடக் கிடையாது: 61-ஐயும் 27-ஐயும் பக்கத்தில் நிற்கும் இரண்டு பட்டைகளாக வரைந்தால் மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் வித்தியாசம் தெரியும், இரண்டு வட்டங்களில் தெரியாது. பட்டையின் தலையிலேயே "36-ல் 22" என்று எழுதியிருக்கிறோம். சதவீதம் மட்டும் போட்டால் எத்தனை வீடு என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்.

விலைக் கேள்வியில்தான் நாமே ஏமாறப் பார்த்தோம். "ஏன் வாங்கினீங்க?" என்று திறந்து கேட்டபோது, அளந்த மாவு வாங்கிய 58 வீடுகளில் விலையை முதலில் சொன்னவை 9. பட்டியலை நீட்டி "பொருந்துவதையெல்லாம் டிக் பண்ணுங்க" என்றபோது அதே 58-ல் 41 வீடுகள் விலையையும் டிக் செய்தன. பட்டியலில் விலையைப் பார்த்தபின் அது முக்கியமில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் திறந்த கேள்வியின் விடை மட்டும் போஸ்டரில். இரண்டாவது எண் கோப்பில் இருக்கிறது, மறைக்கவில்லை.

மேஜைமேல் வைக்கும் ஏ4 கோப்பில் இந்த வரிசை: வினாத்தாள், தெருவாரி எண்ணிக்கை, 2×2 அட்டவணை, கடை மூடும் நேரம், விலைக் கேள்வியின் இரண்டு விடைகள். யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டே பேசுகிறோம்.

அளவு ஏ1, நிமிர்ந்த வாக்கில், 59.4 × 84.1 செ.மீ. தலைப்பு 90 புள்ளி, உடல் எழுத்து 28. ஏ4-இல் சுருக்கி அடித்துப் பார்த்தோம்: 28 புள்ளி சுமார் 10 ஆகிறது, கை நீட்டும் தூரத்தில் படிக்க முடிகிறது. பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேண்டாம், ட்யூப் லைட் வெளிச்சம் அடித்துப் பாதி எழுத்து தெரியாமல் போகும், மேட் தாள். எழுத்துரு பதித்த பி.டி.எஃப். ஆகத்தான் கடைக்குக் கொடுக்கிறோம். திருத்தும் கோப்பைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அச்சுக்கு முன் திரையில் "கொ", "போ", "ஸ்ட" மூன்றையும் பார்த்துவிட்டு ஓகே சொல்லவும்.

வருபவரிடம் முதலில் சொல்வது (ஒரு நிமிடத்துக்குள்)

"வணக்கம். இட்லி மாவைக் கடையில வாங்குற 96 வீடுகள்ல கேட்டோம். பாக்கெட்டுக்குப் போறதுக்கு விலையோ விளம்பரமோ பெரிய காரணமா இருக்கும்னு நெனச்சுதான் ஆரம்பிச்சோம். ஆனா அதிகம் பேர் சொன்னது வேற: நாங்க வர்ற நேரத்துக்குக் கடை இல்ல. இந்தப் பட்டையைப் பாருங்க. ஏழு மணிக்கு மேல வர்ற 36 வீட்ல 22 பாக்கெட். மத்த 60 வீட்ல 16 தான். ஒம்பது கடையில ஆறு, எட்டுக்குள்ள மூடிடுது. அதனால கடைக்காரங்களுக்கு ஒரு யோசனை வச்சிருக்கோம், கீழ இருக்கு. உங்க வீட்ல மாவு எப்படி?"

கடைசிக் கேள்வியோடு நிறுத்திவிட வேண்டும். அவர் பேசட்டும்.

கேள்விகளும் நம் பதில்களும்

*"96 எப்படி வந்தது? போதுமா?"* (பெரும்பாலும் ஆசிரியர்கள் கேட்பார்கள்.)

"சார், எளிய சீரற்ற மாதிரியா இருந்தா 95% நம்பிக்கையில 10 புள்ளி பிழைக்கு 96 வரும்: 1.96 வர்க்கம், 0.25-ஆல பெருக்கி, 0.01-ஆல வகுத்தது. அங்கிருந்துதான் எடுத்தோம். ஆனா நாங்க எடுத்தது தெருவாரிக் கொத்து. ஒரே தெருவுல ஒரே கடைதான் பக்கம், அதனால பக்கத்து வீடுகளோட விடை ஒண்ணுபோல இருக்கும். அதோட தெருக்களையும் குலுக்கிப் போட்டு எடுக்கல. நிஜப் பிழை 10-ஐ விடக் கூடுதல். அதனாலதான் போஸ்டர்ல அந்த எண்ணைப் போடல."

*"61-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா இருக்கலாமே?"*

"கை-வர்க்கச் சோதனை பண்ணோம் மேடம். 11.16 வந்தது. யேட்ஸ் திருத்தத்தோட 9.77. ஒரு சதவீத மட்டத்துக்கு 6.63 தாண்டினா போதும். ஆனா கொத்து மாதிரிங்கிறதால இதையும் கொஞ்சம் தளர்வாத்தான் எடுத்துக்கணும். வித்தியாசம் இருக்குன்னு சொல்றோம், எவ்வளவுங்கிறதைத் துல்லியமா சொல்லல."

*"தாமதமாக வருவதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த வீடுகளில் வருமானமும் கூடுதலாக இருக்கலாமே."*

இதற்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். நம் ஆய்வின் பலவீனமான இடம் இதுதான், நன்றாகப் படித்தவர்கள் இங்கேதான் தட்டுவார்கள்.

"காரணம்னு நிரூபிக்கல. ரெண்டும் சேர்ந்து வருதுன்னு காட்டுறோம். அந்தப் பக்கம் சாயறதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு: 'கடை மூடியிருக்கும்'னு அவங்களே வாய்விட்டுச் சொன்ன 17 வீட்ல 15, ஏழுக்கு மேல வர்ற வீடு. வருமானத்தை மூணு அடுக்காத்தான் கேட்டோம், பல பேர் நடு அடுக்கையே சொன்னாங்க, அதை வச்சுப் பிரிக்க முடியல. சரியாச் சோதிக்கணும்னா ஒரு கடையை ரெண்டு வாரம் பத்து மணி வரைக்கும் திறந்து வச்சுப் பாக்கணும்."

*"காலடிப்பேட்டையில் பாக்கெட் அதிகமாமே, மெட்ரோ வந்ததாலா?"*

"அங்க 32-ல 16, தண்டையார்பேட்டையில 12, பழைய வண்ணாரப்பேட்டையில 10. பாக்க அதிகம் மாதிரி இருக்கு, ஆனா சோதனையில 2.44 தான், 5.99 தாண்டணும். அதனால போஸ்டர்ல போடல. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021 பிப்ரவரியில திறந்தாங்க. அதுக்கு முன்னாடி இங்க எப்படி வாங்கினாங்கன்னு எங்ககிட்ட தரவு இல்ல. மெட்ரோவால்னு சொல்ல முடியாது."

*"என் மாவை எதுக்குப்பா கவர்ல போடணும்? தூக்குல வாங்கிட்டுப் போறாங்க, நல்லாத்தானே ஓடுது."* (கடைக்காரர் யாராவது வந்தால். அவரை ஒதுக்கி வைத்துவிட்டு ஆசிரியரிடம் திரும்பாதீர்கள். அரங்கில் நமக்கு முக்கியமானவர் அவர்தான்.)

"தூக்குல வாங்குறவங்களுக்கு அப்படியே குடுங்கண்ணா, அதை மாத்தச் சொல்லல. அவங்க வர்றதே வேண்டிய அளவுக்கு வாங்கத்தான். நாங்க சொல்றது நீங்க மூடினப்புறம் வர்றவங்களுக்கு. காலையில அரைச்சது வெயிலுக்கு ராத்திரி புளிச்சுடும், அதனால நாலு மணி ஈடுல இருந்து மட்டும் எடுங்க. கவரை முழுசா நிரப்பாதீங்க, மூணுல ஒரு பங்கு காலியா விடுங்க. மாவு பொங்கினா காத்து சேர்ந்து கவர் பிச்சுக்கும். உடனே ஃபிரிட்ஜுக்குப் போகணும். முதல் வாரம் பத்து கவர் போதும். மீந்தது எத்தனைன்னு தினமும் எழுதுங்க, மூணுக்கு மேல மீந்தா குறைச்சுடுங்க."

அவர் பதிவு, லேபிள் பற்றிக் கேட்டால்: "சீல் போட்டு இன்னொரு கடையில வச்சு வித்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, தயாரிச்ச தேதி, அதிகபட்ச விலை, உங்க முகவரி எல்லாம் கவர்மேல வேணும். 2011 பொட்டலப் பொருள் விதி இருக்கு. அந்தச் செலவையும் சேத்துத்தான் விலை போடணும். அதை நாங்க கணக்குப் போடலண்ணா."

*"எந்த பிராண்டு அதிகம் விற்கிறது?"*

"கேட்டோம் சார், வெளியிடல. 38 வீட்டைப் பிராண்டு பிராண்டாப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் ஏழெட்டு வீடுதான் வரும். அதை வச்சு ஒரு கம்பெனியை ஏத்தவோ இறக்கவோ கூடாது."

*"வீட்டிலேயே அரைக்கிற 41 பேரை ஏன் விட்டீர்கள்?"*

"எங்க கேள்வி கடையில வாங்குறவங்களுக்குள்ள உள்ள தேர்வைப் பத்தினது. ஆனா நீங்க கேக்குறது பெரிய கேள்வி. கதவைத் தட்டினவங்கள்ல நாலுல ஒருத்தர் அவங்க. கிரைண்டர் ரிப்பேரானா எங்க வாங்குவீங்கன்னு அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கல."

தெரியாத கேள்வி வந்தால் "அதை நாங்க கேக்கல" என்று சொல்லிவிட்டு, கோப்பின் கடைசித் தாளில் கேள்வியைக் குறித்துக்கொள்கிறோம். ஊகித்துச் சொன்ன ஒரு எண், பக்கத்தில் நிற்கும் நம்மில் இன்னொருவர் சொல்லும் எண்ணோடு மோதும். 10 முதல் 11.30 வரை சரண்யாவும் இம்தியாஸும், அதன்பின் 1 மணி வரை இம்தியாஸும் தினேஷும். எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் பேச, மற்றவர் குறித்துக்கொள்ள. பேசுபவர் போஸ்டருக்கு இடப்பக்கம் நிற்கவும்; பட்டை விளக்கப்படம் வலப்பக்கம் இருக்கிறது, மறைந்துவிடும்.