கொழிஞ்சாம்பாறை நீர்க் கடினத்தன்மை அறிக்கை: செய்முறை, விவாதப் பகுதிகளின் மதிப்பீடு

மதிப்பிடப்படுவது: பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் மூவர் சேர்ந்து எழுதிய குழு அறிக்கை. கொழிஞ்சாம்பாறை போர்வெல் (அ), வேலந்தாவளம் அருகே ஒரு திறந்த கிணறு (ஆ), மூலத்தறை வலதுகரைக் கால்வாய் (இ) ஆகிய மூன்று இடத்துத் தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் முறையில். அறிக்கையோடு ஆய்வகக் குறிப்பேட்டின் நகலும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தே இந்த மதிப்பீடு எழுதப்படுகிறது.

செய்முறை: 20-க்கு 12. விவாதம்: 20-க்கு 8. திருத்தி மீண்டும் தரலாம். அப்போது இந்த மதிப்பெண் மாறும்.

முதலில் நன்றாக வந்தது. தண்ணீர் எடுத்த விவரம் முழுமையாக இருக்கிறது. போர்வெல்லின் ஆழம் 300 அடி, மோட்டார் 10 நிமிடம் ஓடிய பிறகு பிடித்தது, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசியது, கழுத்து வரை நிரப்பி மூடியது: எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைப் பிடித்தால் கிடைக்கும் எண் நிலத்தடி நீரைப் பற்றியதாக இருக்காது, குழாயைப் பற்றியதாக இருக்கும். அந்தப் புரிதல் இந்தப் பத்தியில் தெரிகிறது. வேறொரு குழு நாளை அதே மோட்டாருக்குப் போய் அதே மாதிரி தண்ணீர் பிடிக்க இது போதும்.

ஆய்வகத்துக்குள் வந்ததும் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது.

"0.01 M இ.டி.டி.ஏ. கரைசல் தயாரிக்கப்பட்டது" என்ற ஒரு வரியை வைத்து யாரும் அந்தக் கரைசலைத் திரும்பச் செய்ய முடியாது. எந்த உப்பு, எந்த கிரேடு, எத்தனை கிராம், எந்தத் தராசு? குறிப்பேட்டில் 3.72 கிராம் டைசோடியம் உப்பு (டைஹைட்ரேட்), ஒரு லிட்டர் என்று இருக்கிறது. கணக்கு சரி, மூலக்கூறு எடை 372.24. ஆனால் பாட்டிலில் இருக்கும் உப்பு ஈரம் இழுத்திருக்கலாம், தூய்மையும் குறைவாக இருக்கலாம். எடையை மட்டும் நம்பி 0.01 என்று போடக்கூடாது என்பதற்காகத்தான் கால்சியம் கார்பனேட் கரைசலுக்கு எதிராகச் சோதிக்கிறோம்.

அந்தச் சோதனையைச் செய்திருக்கிறீர்கள். குறிப்பேட்டில் தெளிவாக இருக்கிறது: லிட்டருக்கு 1.000 கிராம் கால்சியம் கார்பனேட் உள்ள கரைசல் 20.0 மி.லி. எடுத்ததற்கு இ.டி.டி.ஏ. 20.5 மி.லி., இரண்டு முறையும். செறிவு 0.00975 M என்று வருகிறது. அறிக்கையில் இது இல்லை. கணக்கு முழுக்க 0.01 வைத்தே ஓடுகிறது. இதனால் மூன்று தண்ணீரின் எண்களும் 2.6 விழுக்காடு கூடுதலாக நிற்கின்றன. எத்தனை முறை டைட்ரேட் செய்தாலும் இந்தப் பிழை குறையாது, ஒரே திசையில்தான் இழுக்கும்.

இதே இடத்தில் பஃபர் பற்றி ஒரு கேள்வி. "அம்மோனியா பஃபர் 2 மி.லி." என்று மட்டும் இருக்கிறது. பி.எச் 10-ஐ அளந்து பார்த்தீர்களா? பஃபரில் மெக்னீசியம்–இ.டி.டி.ஏ. உப்பு சேர்த்ததா? எரியோக்ரோம் பிளாக் டி இண்டிகேட்டர் கால்சியத்தோடு தளர்வாகவே பிணையும்; மெக்னீசியம் இல்லாத கரைசலில் நிறம் பட்டென்று மாறாமல் இழுத்துக்கொண்டே போகும். கால்சியம் மட்டுமே உள்ள நிர்ணயக் கரைசலுக்கு இது மிக முக்கியம். மெக்னீசியம் சேர்க்கவில்லை என்றால் அந்த 20.5-ஐயும் முழுதாக நம்ப முடியாது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பஃபர் செய்த விவரம் ஒரு வரி இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

எண்ட் பாயிண்ட் விவரமும் வேண்டும். "நிறம் மாறும் வரை" என்பது போதாது. ஒயின் சிவப்பு ஊதாவாகி, பிறகு சிவப்புச் சாயல் கொஞ்சமும் இல்லாத நீலமாகும். ஊதாவில் ஒருவரும் நீலத்தில் ஒருவரும் நிறுத்தினால் ரீடிங் ஒத்துவராது. எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள், மூவரில் யார் பார்த்தார், பஃபர் விட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பி.எச் 10-இல் கடினமான தண்ணீர் நிற்க நிற்க, கால்சியம் கார்பனேட்டாகப் படியத் தொடங்கும். படிந்தது உடனே இ.டி.டி.ஏ.வோடு சேராது. நீலம் வந்த பின் மெல்லச் சிவப்பு திரும்பும், ரீடிங்கும் குறைவாக வரும்.

தண்ணீர் எடுத்த நாளுக்கும் டைட்ரேஷன் நாளுக்கும் இடையே நான்கு நாள் என்பது குறிப்பேட்டுத் தேதிகளில் தெரிகிறது. அறிக்கையில் இல்லை. ஆழத்துத் தண்ணீர் வெளியே வந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச் ஏறும், பாட்டில் சுவரில் வெள்ளைப் படிவு வரும். (அ) மாதிரிக்கு இது நிச்சயம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பிழை எண்ணைக் குறைக்கும், இ.டி.டி.ஏ. பிழை எண்ணைக் கூட்டும். ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று விட்டுவிட முடியாது. ஒன்றின் அளவு நமக்குத் தெரியும், மற்றதன் அளவு தெரியாது.

இப்போது விவாதப் பகுதி. அறிக்கையின் அட்டவணையில் (அ) மாதிரிக்கு மூன்று ரீடிங்: 21.4, 21.4, 21.4. முடிவு 428.385 மி.கி./லி., "பிழை 0.6%". குறிப்பேட்டில் ஐந்து ரீடிங் இருக்கின்றன:

20.6, 21.4, 21.9, 21.4, 21.4

20.6-க்கு மேல் ஒரு கோடு, பக்கத்தில் பென்சிலில் "குமிழி?" என்று எழுதியிருக்கிறது. 21.9-க்கு மேல் கோடு மட்டும், காரணம் இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், அழிக்காமல் வைத்திருந்தது சரியான பழக்கம். அதற்கான பாராட்டு மதிப்பெண்ணில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அறிக்கை படிப்பவருக்குக் குறிப்பேடு கையில் இருக்காது. ஐந்து எடுத்து மூன்றை மட்டும் காட்டும்போது, இல்லாத ஒரு துல்லியத்தை அவர் நம்பும்படி ஆகிவிடுகிறது.

குமிழிக் காரணமும் நிற்காது. ப்யூரெட்டின் முனையில் குமிழி இருந்து டைட்ரேஷன் நடுவே வெளியேறினால், அது இருந்த இடத்தை நிரப்பிய கரைசலும் கணக்கில் சேரும், ஆனால் ஃபிளாஸ்க்கில் விழாது. ரீடிங் கூடத்தான் செய்யும். 20.6 குறைந்த ரீடிங். குமிழி 21.9-க்குப் பொருந்தலாம், 20.6-க்குப் பொருந்தாது. முதல் ரீடிங் என்பதால் ஊதா நிறத்திலேயே நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் ஊகம்தான், ஊகம் என்றே எழுதலாம். காரணம் தெரியாத ரீடிங்கை நீக்க உரிமை இல்லை. கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? ஐந்தின் சராசரி 21.34. நீங்கள் நீக்கியதால் சராசரி மாறியது வெறும் 0.06 மி.லி. மாறியது சிதறல்தான்: திட்ட விலக்கம் 0.47 மி.லி. அந்த இரண்டு ரீடிங்கும் இந்த அறிக்கையின் மதிப்புள்ள தகவல்; உங்கள் கை எவ்வளவு நிலையாக இருந்தது என்பதை அவை மட்டுமே சொல்கின்றன. சோதித்த செறிவோடு கணக்கு இப்படி வருகிறது:

```
H = 21.34 × 0.009747 × 100.09 × 1000 / 50 = 416 mg/L
95%: 2.776 × 0.47 / √5 = 0.58 mL → ±11 mg/L
```

416 ± 11 மி.கி./லி. கால்சியம் கார்பனேட்டாக. இது திரும்பத் திரும்ப அளந்ததன் சிதறலை மட்டும் காட்டும். நான்கு நாள் வைத்திருந்ததன் விளைவு இதில் இல்லை. 428.385 என்பதில் கடைசி மூன்று இலக்கத்துக்கும் ஆதாரம் இல்லை. 0.1 மி.லி. கோடு உள்ள ப்யூரெட் அவ்வளவு சொல்லாது.

(இ) கால்வாய் மாதிரியில் 4.1, 4.1, 4.1 என்று வந்ததால் "பிழை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒத்துப்போனது, ப்யூரெட்டை 0.1-க்கே வாசித்ததால். கோட்டுக்கு நடுவே 0.05 வரை கணித்து வாசிக்க வேண்டும். 4.1 மி.லி.யில் 0.1 என்பது 2.4 விழுக்காடு; போர்வெல்லில் அதே 0.1 அரை விழுக்காடுதான். கால்வாய்க்கு 100 மி.லி. மாதிரி எடுத்திருக்கலாம். வெறும் காய்ச்சி வடித்த நீரில் பிளாங்க்கும் பார்க்கவில்லை. இந்த மாதிரிக்குத்தான் அது அதிகம் தேவை.

அந்த "0.6%" எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அதே போர்வெல்லுக்கு முன்பு வேறோர் ஆய்வகம் தந்த 431 என்ற எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது உண்மை மதிப்பு ஆகாது; வேறொரு நாளில், வேறொருவர் அளந்தது. இடையில் மழை பெய்து நீர்மட்டம் மாறியிருக்கலாம். அதை "வித்தியாசம்" என்று எழுதுங்கள், "பிழை" என்று எழுதாதீர்கள். திருத்திய எண்ணோடு வித்தியாசம் 3.5 விழுக்காடாகும். கூடிவிட்டதே என்று தயங்க வேண்டாம். உங்கள் எண் எப்படி வந்தது என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது.

"மனிதத் தவறு, கருவித் தவறு, வெப்பநிலை மாற்றம் ஆகியவை பிழைக்குக் காரணம்" என்ற பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள். எந்த அறிக்கையில் ஒட்டினாலும் பொருந்தும் வரி எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு பிழைக்கும் மூன்று கேள்விக்கு விடை வேண்டும்: எண்ணைக் கூட்டுமா குறைக்குமா, சுமார் எவ்வளவு, அதை எப்படிச் சோதிக்கலாம்.

முடிவுகளில் இரண்டு திருத்தம். போர்வெல் நீர் "வரம்பைத் தாண்டியதால் குடிக்கத் தகாது" என்பது தவறு. IS 10500:2012 தரப்படி ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவு 600 மி.கி./லி. உங்கள் எண் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இந்த அறிக்கையைப் படிக்கக்கூடும் என்பதை நினைத்து எழுதுங்கள். அடுத்து, "கால்வாய் நீர் ஆழியாற்றிலிருந்து வருவதால் எப்போதும் மென்மையானது." ஒரு நாள், ஓரிடம், ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து "எப்போதும்" என்று சொல்ல முடியாது. கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீர் ஓடும் நாளும் வயல்களின் கசிவுநீர் மட்டும் ஓடும் நாளும் வேறு வேறு. அன்று தண்ணீர் திறந்திருந்ததா என்று எழுதுங்கள்.

திருத்தி அனுப்பும்போது எல்லா ரீடிங்கும் அட்டவணையில் இருக்கட்டும், நீக்கியதற்குக் காரணத்தோடு. (அ) போர்வெல்லில் புதிதாக இரண்டு பாட்டில் பிடியுங்கள். ஒன்றில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச் 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். மற்றதில் எதுவும் சேர்க்க வேண்டாம். அமிலம் விட்டதை டைட்ரேஷனுக்கு முன் அம்மோனியாவால் நடுநிலையாக்காவிட்டால் பஃபர் பி.எச் 10-ஐத் தொடாது. சேர்க்காத பாட்டிலை எடுத்த அன்றே ஒரு முறையும் நான்கு நாள் கழித்து ஒரு முறையும் அளந்து, அமிலப் பாட்டிலோடு ஒப்பிட்டு, மூன்று எண்ணையும் எழுதுங்கள்.