குதிகால் தடம்

முதல் இழுப்பு பத்து வினாடிகூட நிற்கவில்லை. விசில் ஊதியதும் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் எட்டுப் பேரும் முழு பலத்தோடு கயிற்றைத் தங்கள் பக்கம் வெட்டி வெட்டி இழுத்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரே மூச்சில் அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. முன்னால் நின்ற கதிர்தான் முதலில் முழங்கால் தேய விழுந்தான்.

"எடை போதாது" என்றான் சேகர், உள்ளங்கையை ஊதிக்கொண்டே. "அவர்கள் பக்கம் கடைசியில் நிற்பவனைப் பார்த்தாயா? அவன் ஒருவனே நம்மில் இரண்டு பேருக்குச் சமம்."

மூன்று இழுப்பில் இரண்டை வெல்ல வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே அணிகள் பக்கம் மாற வேண்டும் என்பது விதி. அதனால் எதிரணி நின்ற மண்ணில் இப்போது இவர்கள் நின்றார்கள். கதிர் குனிந்து அந்தத் தரையைப் பார்த்தான்.

பெரும்பாலும் விரல்பக்கத் தடங்கள்தாம். மேல்மண்ணை மட்டும் கீறியிருந்தன. கயிற்றின் கடைக்கோடியில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே இரண்டு குழிகள். உள்ளங்கை அளவுதான், ஆனால் முன்விளிம்பு செங்குத்தாக இறங்கி, ஈரமண் வரை போயிருந்தது. கனத்த பையன் குதிகாலை ஊன்றிய இடம். அவன் நகரவே இல்லை. மற்ற ஏழு பேரும் இழுத்தது கையால். தரையைப் பிடித்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

கதிருக்குப் பொறி தட்டியது. கயிறு இரு பக்கமும் ஒரே விசையில்தான் இறுகுகிறது. அப்படியானால் வெற்றியை முடிவு செய்வது கயிறு அல்ல, கால். யார் தரையை அதிகமாகத் தள்ளுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் கயிறு வரும்.

"கையை மடக்காதீர்கள்" என்றான் அவசரமாக. "நீட்டியே பிடியுங்கள். உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு மல்லாந்து சாயுங்கள். குதிகாலை மண்ணில் ஊன்றித் தரையை முன்னால் தள்ளுங்கள்."

"அவ்வளவு சாய்ந்தால் விழுந்துவிடுவோமேடா!"

"அவர்கள் கயிற்றைப் பிடித்திருக்கும்வரை விழமாட்டோம். நம்மைத் தாங்கப்போவது அவர்கள்தான்."

உடற்கல்வி ஆசிரியர் பழைய குழிகளைக் காலால் நிரவிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

இரண்டாம் இழுப்பில் சிவப்புத் துணி முதலில் எதிர்ப்பக்கம்தான் சரிந்தது. சேகர் பழக்கத்தில் முழங்கையை மடக்கினான். "நீட்டு!" என்று கதிர் கத்தினான். அவன் குதிகால் மண்ணைக் கிழித்து இறங்கியது. முதலில் தூசி, பிறகு சரளை, அதற்கும் கீழே கெட்டியான ஏதோ ஒன்று. அங்கே கால் நின்றது. தொடையிலிருந்து முதுகு வழியாகத் தோள்வரை ஒரே கோடாக இறுகுவதை உணர்ந்தான். கண்ணுக்கு நேரே வானம்தான் தெரிந்தது. கை வெறும் கொக்கியாகத் தொங்கியது. அதில் வலியே இல்லை.

எதிரணி வெட்டி இழுத்தது. துணி துடித்ததே தவிர நகரவில்லை. வெட்டி இழுப்பவர்கள் அடுத்த வெட்டுக்கு முன் ஒரு கணம் தளர்ந்தாக வேண்டும். அந்தக் கணத்துக்காகக் கதிர் காத்திருந்தான். "தள்ளு!" எட்டுப் பேரின் முழங்கால்களும் ஒன்றாக நிமிர்ந்தன. அரை அடி வந்தது. மீண்டும் ஊன்றல், மீண்டும் "தள்ளு!" இன்னொரு அரை அடி. அவசரமே இல்லாத அந்த நகர்வுதான் எதிரணியைக் கலங்கடித்தது. எட்டாவது தள்ளலில் துணி கோட்டைக் கடந்தது.

மூன்றாவதற்கு முன் எதிரணியும் விழித்துக்கொண்டது. அவர்களும் மல்லாந்து சாய்ந்தார்கள். கயிறு கம்பிபோல் விறைத்தது. நெடுநேரம் துணி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. மைதானம் முழுக்கக் கூச்சல். கதிரின் கால்கள் நடுங்கின. ஆனால் எதிர்ப்பக்க முன்வரிசைப் பையன்களின் காலணிகள் மெல்ல வழுக்குவதை அவன் பார்த்துவிட்டான். சாய்ந்திருந்தார்களே தவிர, பாதத்தைத் தட்டையாக வைத்திருந்தார்கள்.

"குதிகால்! தள்ளு! தள்ளு!"

விசில் ஊதியபோது 'ஆ' பிரிவு முழுவதும் மல்லாக்க விழுந்து கிடந்தது. சேகர் படுத்தபடியே கத்திக்கொண்டிருந்தான்.

எதிரணியின் கனத்த பையன் நேராகக் கதிரிடம் வந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"நாங்களும்தான் சாய்ந்தோமே?"

"நீ ஊன்றித் தள்ளினாய். அதனால்தான் இவ்வளவு நேரம் இழுத்தது" என்றான் கதிர். "உன் முன்னால் நின்றவர்களைக் கூப்பிடு, எப்படி ஊன்றுவது என்று காட்டுகிறேன்."