தற்காலிக வேலை கோரல்: களஞ்சியம், நிறுவை, பதிவு வேலைகள் (கிளிநொச்சி)

04.03.2026

பொறுப்பாளர் அவர்களுக்கு,
தற்காலிகப் பணியாளர் வழங்கும் பிரிவு,
வவுனியா.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் உள்ள அரிசி ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நீங்கள் குறுகிய காலப் பணியாளர்களைச் சேர்த்து அனுப்பி வருகிறீர்கள் என்று, சென்ற வருடம் உங்கள் ஊடாக வேலை செய்த என் ஊர்ப் பெண் ஒருவர் சொன்னதையடுத்து இதை எழுதுகிறேன். எனக்கு வயது 36. உருத்திரபுரத்தில் என் தாயுடனும் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுடனும் வசிக்கிறேன். என் சுயவிபரக்கோவையையும் கல்விச் சான்றிதழ்களின் பிரதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஆயினும் எந்த வேலைக்கு என்னை அனுப்பலாம், எந்த மாதங்களில் அனுப்பலாம் என்பது அவற்றைப் பார்த்து விளங்காது என்பதால், அந்த இரண்டையும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் தேடுவது களஞ்சியம் சார்ந்த வேலை. நெல், அரிசி, உரம், கட்டடப் பொருட்கள், நிவாரணப் பொருட்கள் என எதுவாக இருந்தாலும் வரும் பொருளை நிறுத்து, எண்ணி, பதிந்து, போகும் பொருளுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, மாலையில் இருப்பைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் எனக்கு ஆறு வருட அனுபவம் உண்டு. பரந்தனில் ஒரு தனியார் நெல் களஞ்சியத்தில் நான்கு வருடங்கள் நிரந்தரமாகவும், அதன் பின்னர் இரண்டு வருடங்கள் வேறு இடங்களில் தவணை முறையிலும் பணியாற்றினேன். இவ்வேலை கிடைக்காத காலத்தில் வீட்டுக்கு வீடு சென்று தகவல் திரட்டும் களக் கணக்கெடுப்பு வேலையையும் கணினியில் தரவு பதியும் வேலையையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் என் முதல் விருப்பம் களஞ்சியம்தான்.

எங்களிடம் இரண்டு ஏக்கர் மானாவாரி வயல் உண்டு. குளத்து நீர் அதற்கு எட்டாது என்பதால் காலபோகம் மட்டுமே செய்கிறோம். புரட்டாதியில் உழுது விதைத்தால் மாசி வரை நானும் அம்மாவும் அந்த வயலோடுதான் நிற்போம். இம்முறை அறுவடை முடிந்து நெல்லும் காய்ந்து வீடு வந்துவிட்டது. ஆகவே மார்ச் 9, திங்கட்கிழமை முதல் செப்டெம்பர் 20 வரை முழுமையாக வேலைக்கு வர முடியும். ஆலைகளுக்குக் காலபோக நெல் வந்து குவியும் பங்குனி, சித்திரையிலும், இரணைமடுவின் கீழ் செய்யும் சிறுபோகம் அறுவடையாகும் ஆவணியிலும்தான் உங்களிடம் ஆட்கள் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு காலத்திலும் என் கையில் வயல் வேலை இராது. செப்டெம்பர் 20க்குப் பின்னர் தொடரக்கூடிய வேலை எதுவானாலும், பாதியில் விட்டுப் போகிறவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்பதால், அதை வேறொருவருக்குக் கொடுக்குமாறு முற்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் மாலை 5.30 வரை வேலை செய்யலாம். லொறி தாமதமாக வந்து இறக்க வேண்டி ஏற்பட்டால், முன்கூட்டிச் சொன்னால் இரவு 7 மணி வரை நிற்பேன். ஞாயிற்றுக்கிழமையும் இரவு முறையும் எனக்கு இயலாது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அம்மாவை மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் அன்று அரை நாள் விடுப்புத் தேவைப்படும். மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்குச் செல்வேன். அன்று எந்த வேலைக்கும் வரமாட்டேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரண்டு நாள் வேண்டும், திகதி தெரிந்தவுடன் அறிவிப்பேன். இவை தவிர வேறு விடுப்புக் கேட்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஸ்கூட்டர் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் சொந்த ஸ்கூட்டரும் உண்டு. கிளிநொச்சி நகரம், பரந்தன், கண்டாவளை, தருமபுரம், அக்கராயன் ஆகிய இடங்களுக்கு நாளாந்தம் போய் வர முடியும். பூநகரி, புதுக்குடியிருப்புப் பக்கம் என்றால் எரிபொருள் செலவைச் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். வவுனியாவில் வேலை என்றால் குருமன்காட்டில் என் தங்கை வீட்டில் தங்கலாம், ஆனால் ஒரு தடவையில் இரண்டு வாரத்துக்கு மேல் மகளை விட்டு நிற்க இயலாது.

என் தொழில் திறன் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், க.பொ.த. உயர்தரத்தை வணிகப் பிரிவில் முடித்து, பின்னர் கணினிப் பயன்பாட்டில் தேசிய தொழிற்தகைமை மட்டம் 4 சான்றிதழ் பெற்றுள்ளேன். எக்செலில் இருப்புப் பதிவேடு அமைத்து, SUMIF கொண்டு பொருள்வாரியாகவும் திகதிவாரியாகவும் கூட்டி எடுப்பேன். தமிழ்த் தட்டச்சு வேகமாக வரும். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றி, மாறும்போது குழம்பிப்போகும் எழுத்துகளை வாசித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். களக் கணக்கெடுப்பில் KoboCollect செயலியை மூன்று முறை பயன்படுத்தியுள்ளேன். சிங்களத்தில் லொறிச் சாரதிகளுடனும் கொள்வனவாளர்களுடனும் பேசி அலுவல் முடிக்க முடியும், ஆனால் சிங்களத்தில் எழுத வராது. ஆங்கிலத்தில் பொருட்பட்டியலும் கடிதமும் வாசித்து விளங்கிக்கொள்வேன்.

களஞ்சிய வேலையில் நான் எதைக் கவனிப்பேன் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். நெல்லை 14 சதவீத ஈரப்பதனுக்குள்தான் அடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு லொறியில் வரும் மூட்டைகளில் வெயிலுக்கு மேலே கிடந்த இரண்டைக் குத்திப் பார்த்துவிட்டு, மொத்தமும் காய்ந்தது என்று எழுதி விடுகிறார்கள். நான் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்தும் குத்தூசியால் எடுத்துத் தனித்தனியாக ஈரப்பதன் மானியில் வைப்பேன். அடியில் இருந்த ஒரே ஒரு மூட்டை 17 காட்டியதால் ஒரு முறை முழு லொறியையும் தளத்தில் கொட்டிக் காயவிட்டோம். முதலாளிக்கு அன்று கோபம். ஆனால் அந்த மூட்டை அடுக்கின் நடுவில் போயிருந்தால் சூடேறிச் சுற்றியிருந்த மூட்டைகளையும் கெடுத்திருக்கும். விவசாயிக்கும் இதில் நட்டம் இல்லை, காய்ந்த நெல்லுக்குத்தான் அவருக்குச் சரியான விலை கிடைக்கிறது.

கணக்கிலும் அப்படியே. ஒரு நாள் மாலையில் பதிவேட்டுக்கும் அடுக்கில் இருந்ததற்கும் 12 மூட்டை வித்தியாசம் வந்தது. காவலாளியைச் சந்தேகித்தார்கள். நான் அடுக்கின் அடிவரிசையையும் உயரத்தையும் மீண்டும் எண்ணி, சுவரில் சோக்கால் போட்டிருந்த ஐந்து ஐந்தான கோடுகளைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்று வந்த ஒரு சிறு வாகனத்தின் சீட்டு, காலையில் ஒரு தடவையும் மதிய உணவுக்குப் பின்னர் இன்னொருவர் கையெழுத்தில் ஒரு தடவையும் பதியப்பட்டிருந்தது. வாகனத்தில் வந்தது சரியாக 12 மூட்டை. அதன் பின்னர், பதிந்த சீட்டின் மூலையில் குறுக்குக் கோடு போடும் வழக்கத்தை நான் வேலை செய்யும் எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கிறேன். நிறுவையின்போது சாக்குக்கென்று எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதையும் விவசாயி பார்க்கும்படி சீட்டில் எழுதியே கொடுப்பேன். அதை எழுத வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் எனக்கு வேலை தர வேண்டாம்.

நான் ஏற்காத இன்னொரு வேலை நுண்கடன் அறவீடு. கணக்குத் தெரிந்த பெண், ஸ்கூட்டரும் உண்டு என்பதால் இதற்குத்தான் முதலில் என்னைக் கேட்கிறார்கள். கிழமைக்கிழமை கடன் கேட்டு ஆட்கள் வரும் நாளில் கதவைப் பூட்டிவிட்டு, அயல் வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்த தாய்மாரை நான் அறிவேன். அவர்களில் இருவர் என்னோடு படித்தவர்கள். எவ்வளவு சம்பளம் தந்தாலும் அந்த வாசல்களில் போய் நிற்க என்னால் முடியாது.

சம்பளமாக எட்டு மணித்தியால நாள் ஒன்றுக்கு 2,200 ரூபா எதிர்பார்க்கிறேன். மேலதிக நேரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வேறோர் இடைத்தரகர் ஊடாக ஒரு களஞ்சியத்தில் ஐந்து மாதங்கள் வேலை செய்தபோது நியமனக் கடிதம் எதுவும் தரப்படவில்லை. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று 8 சதவீதம் கழித்தார்கள், ஆனால் அந்தப் பணமும் தொழில்தருநர் சேர்க்க வேண்டிய 12 சதவீதமும் என் பெயரில் வைப்பிலிடப்படவே இல்லை. கேட்டபோது, தற்காலிக ஆட்களுக்கு அது இல்லை என்றார்கள். தற்காலிகப் பணியாளருக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதியும் தொழில்தருநர் செலுத்தும் 3 சதவீத நம்பிக்கை நிதியும் உண்டு என்பதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டே அறிந்துகொண்டேன். அங்கத்தவர் இலக்கமும் கடிதமும் கையில் இல்லாததால் அந்த ஐந்து மாதங்களை மீட்பது இன்றுவரை இழுபடுகிறது. எனவே உங்கள் ஊடாக எனக்கு வேலை கிடைத்தால், வேலை தொடங்கும் நாளுக்கு முன்னர் இடம், காலம், நாட்சம்பளம், சம்பளத் திகதி, சேமலாப நிதிக்குப் பொறுப்பானவர் நீங்களா அல்லது வேலை தரும் நிறுவனமா என்பவை எழுதப்பட்ட கடிதம் ஒன்றைத் தமிழில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தரகுப் பணம் என் சம்பளத்தில் கழிக்கப்படுமாயின் அதையும் அக்கடிதத்திலேயே குறிப்பிடவும்.

பரந்தன் களஞ்சிய முகாமையாளரும் எங்கள் கிராம அலுவலரும் எனக்கு நற்சான்று தர இசைந்துள்ளனர். நீங்கள் கேட்டதும் அவர்களின் தொலைபேசி இலக்கங்களை அனுப்புவேன். நேர்முகத்துக்கு அழைத்தால் மார்ச் 6 அல்லது 7இல் வவுனியாவுக்கு வரலாம். காலை ரயிலில் வந்தால் 10 மணிக்குப் பின்னர் எந்த நேரமும் வசதி. என்னுடன் தொடர்புகொள்ள இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம். அவசரமாக ஆள் தேவைப்பட்டால் சுயவிபரக்கோவையின் முதற்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு இரவு 9 மணி வரை அழைக்கலாம். பகலில் நான் எடுக்காவிட்டால் அம்மா எடுப்பார், அவரிடம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சி. தர்சினி
உருத்திரபுரம், கிளிநொச்சி

இணைப்பு: சுயவிபரக்கோவை, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ், தொழிற்தகைமைச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி