மைனஸ் ஃப்ளோட்: தோவாளைப் பாலக் கணக்கு

கேள்வி

தோவாளைப் பக்கம் ஒரு பாசனக் கால்வாயின் மேல் உள்ள சிறு பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். கன்னிப்பூ சாகுபடிக்கு அணைத் தண்ணீர் வருமுன் வேலை முடியவேண்டும் என்பதால் கையில் இருப்பது 35 வேலை நாள்.

| வேலை | நாள் | முன் வேலை | குறைக்கக்கூடிய நாள் | நாளுக்குக் கூடுதல் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|
| இடிப்பு | 5 | இல்லை | 1 | 3,000 |
| அஸ்திவாரம் | 9 | இடிப்பு | 1 | 4,500 |
| பக்கச்சுவர் | 10 | அஸ்திவாரம் | 2 | 6,000 |
| ஸ்லாப் வார்ப்பு | 18 | இல்லை | 3 | 1,500 |
| ஸ்லாப் ஏற்றம் | 6 | பக்கச்சுவர், ஸ்லாப் வார்ப்பு | 1 | 7,000 |
| மண் நிரப்பு | 7 | பக்கச்சுவர் | 2 | 2,000 |
| மேல்தளம் | 8 | ஸ்லாப் ஏற்றம், மண் நிரப்பு | 1 | 9,000 |

(அ) ஒவ்வொரு வேலையின் மொத்த ஃப்ளோட் என்ன? (ஆ) குறைந்த செலவில் 35 நாளுக்குள் கொண்டுவருக. (இ) இடக்கரைச் சுவர் முதல் 5 நாளில் முடியும். அந்தப் பக்க மண்ணை (4 நாள் வேலை) உடனே கொட்டலாமா? வலக்கரை மண்ணுக்கு 3 நாள்.

விடை (அ)

முன்னோக்கிப் போனால் பக்கச்சுவர் 24-ஆம் நாள் முடியும், மண் நிரப்பு 31, மேல்தளம் 39. பின்னோக்கி வரும்போது 39-இலிருந்து தொடங்காமல் 35-இலிருந்து தொடங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 39-இலிருந்து இறங்கினால் ஃப்ளோட் எதுவும் மைனஸில் வராது, கணக்கும் அழகாக முடிந்துவிடும், ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை.

ES என்பது வேலையைத் தொடங்கக்கூடிய முதல் நாள், LS என்பது கெடு தவறாமல் தொடங்கக்கூடிய கடைசி நாள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மொத்த ஃப்ளோட்:

மொத்த ஃப்ளோட் = LS − ES

| வேலை | ES | LS | மொத்த ஃப்ளோட் |
|---|---|---|---|
| இடிப்பு | 0 | −4 | −4 |
| அஸ்திவாரம் | 5 | 1 | −4 |
| பக்கச்சுவர் | 14 | 10 | −4 |
| ஸ்லாப் வார்ப்பு | 0 | 3 | +3 |
| ஸ்லாப் ஏற்றம் | 24 | 21 | −3 |
| மண் நிரப்பு | 24 | 20 | −4 |
| மேல்தளம் | 31 | 27 | −4 |

இடிப்பின் LS −4 என்பதைக் கவனியுங்கள். வேலையை நாலு நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று அர்த்தம். வெளியிலிருந்து ஒரு கெடு வந்து, வேலைகளின் வரிசை அதைத் தாண்டிப் போகும்போதுதான் மைனஸ் வரும். கிரிட்டிகல் பாதையில் ஃப்ளோட் எப்போதும் பூஜ்யம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திணறுவார்கள். அது ஃப்ளோட் மிகக் குறைவாக உள்ள பாதை, அவ்வளவுதான்.

ஸ்லாப் வார்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அது 18-இல் முடிகிறது, அடுத்த வேலை 24-இல். அடுத்த வேலையைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாள், அதாவது ஃப்ரீ ஃப்ளோட், 6, மொத்த ஃப்ளோட்டோ 3 தான். கெடு இல்லாத நெட்வொர்க்கில் ஃப்ரீ ஃப்ளோட் மொத்தத்தை மிஞ்சாது. இங்கே மிஞ்சுகிறது. ஸ்லாப் வார்க்கும் பட்டறைக்காரர் ஆறு நாள் சாவகாசம் இருப்பதாக நினைத்தால் கெடு போய்விடும்.

விடை (ஆ)

மலிவானது ஸ்லாப் வார்ப்பு, 1,500 ரூபாய். ஆனால் அதற்கு ப்ளஸ் ஃப்ளோட் இருக்கிறது. அங்கே காசு போட்டால் ஒரு நாளும் மிச்சமாகாது.

கிரிட்டிகல் பாதையில் மலிவு மண் நிரப்பு. அதை 1 நாள் குறைத்தால் (ரூ. 2,000) முடிவு 38. இன்னொரு நாளும் அதிலேயே குறைக்கலாமே என்று கை நீளும். வேண்டாம். இப்போது ஸ்லாப் ஏற்றம் வழியும் அதே −3-இல் வந்து நிற்கிறது. மண் நிரப்பை மட்டும் இன்னும் சுருக்கினாலும் முடிவு 38-இலேயே நிற்கும். இனி இரண்டு பாதைக்கும் பொதுவான வேலைகளைத்தான் பிடிக்க வேண்டும்:

- இடிப்பு 1 நாள், ரூ. 3,000: முடிவு 37
- அஸ்திவாரம் 1 நாள், ரூ. 4,500: முடிவு 36
- பக்கச்சுவர் 1 நாள், ரூ. 6,000: முடிவு 35

கடைசி நாளுக்கு வேறு இரண்டு வழி உண்டு: மேல்தளம் ரூ. 9,000, அல்லது ஸ்லாப் ஏற்றமும் மண் நிரப்பும் சேர்த்துக் குறைப்பது, அதுவும் ரூ. 9,000. பக்கச்சுவரே லாபம். மொத்தக் கூடுதல் செலவு ரூ. 15,500. மறுபடி கணக்கிட்டால் ஸ்லாப் வார்ப்பு +3-இலேயே இருக்கும், மற்றதெல்லாம் 0.

கெடுத் தேதியை அழிப்பதும், வரைபடத்தில் அம்புக்குறியை வெட்டுவதும், காரணம் சொல்லாமல் நாளைக் குறைத்து எழுதுவதும் மீட்பு ஆகாது. மதிப்பெண்ணும் கிடையாது.

விடை (இ)

இடக்கரை மண் 19-இலிருந்து 23 வரை, வலக்கரை மண் 24-இலிருந்து 27 வரை. மண் வேலை சீக்கிரம் முடிந்தாலும், ஸ்லாப் ஏற்றம் 30-இல் முடிவதால் மொத்தம் 38. ஆக இந்த மாற்றத்தால் மிச்சம் ஒரே நாள், காசில் ரூ. 2,000. மீதி மூன்று நாளுக்கு, விடை (ஆ)-வில் சொன்ன மூன்று பொது வேலைகளைக் குறைக்க ரூ. 13,500 செலவழித்தே ஆக வேண்டும்.

தாளில் இது மலிவு. களத்தில் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பழைய திட்டத்தில் மண் விழும்போது இடக்கரைச் சுவருக்கு ஐந்து நாள் வயது. இதில் சுவர் முடிந்த கையோடு மண் கொட்டி, திம்சு போட்டு இடிக்கிறோம். பச்சைக் கான்கிரீட் பக்கவாட்டு அழுத்தத்தில் விரிசல் விட்டால், அதை உடைத்துக் கட்ட ரூ. 2,000 எந்த மூலைக்கு? இந்த வழியை எழுதுகிறவர்கள் அந்த அபாயத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.