ஏலகிரி சுவாமிமலை மலையேற்ற முகாம்: இடர் ஏற்பும் ஒப்புதலும் குறித்த மின்படிவம்

முகாம் நாட்கள்: 2026 ஜனவரி 24, 25 (சனி, ஞாயிறு). கூடும் இடம்: ஜோலார்பேட்டை ரயில் நிலைய முகப்பு, சனிக்கிழமை காலை 7 மணி. பங்கேற்போர் 30 பேர். வழிகாட்டிகள் 5 பேர், அவர்களில் இருவர் பெண்கள். கையொப்பமிட இறுதி நாள்: ஜனவரி 17, இரவு 8 மணி.

கைப்பேசியில் வரும் ஒப்பந்தங்களை விரலால் தள்ளிவிட்டுக் கடைசியில் உள்ள பொத்தானை அழுத்துவதே நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தப் படிவத்தை அப்படிக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே ஒப்புதல் தந்தால்தான் அடுத்த பகுதி திறக்கும். உங்கள் வசதிக்காக எந்தப் பெட்டியிலும் நாங்கள் முன்கூட்டியே குறியிட்டு வைக்கவில்லை.

1. என்ன செய்யப் போகிறோம்

முதல் நாள் மலையடிவாரத்தில் பயிற்சி, மாலையில் புங்கனூர் ஏரியில் படகுப் பயணம், இரவு கூடாரத்தில் தங்கல். இரண்டாம் நாள் காலை 6 மணிக்குச் சுவாமிமலை ஏற்றம் தொடங்கும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஏறி இறங்க ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். பிற்பகலில் 12 மீட்டர் உயரப் பாறையிலிருந்து கயிற்றின் துணையுடன் இறங்கும் பயிற்சி நடைபெறும். கயிறு இறங்க விரும்பாதவர் யாரும் வற்புறுத்தப்பட மாட்டார்கள். அதற்கான ஒப்புதலைத் தனியே மறுத்துவிட்டு மலையேற்றத்தில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாங்கள் மறக்கவில்லை. வனத்துறையின் அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகே எங்கள் குழு நடக்கத் தொடங்கும். அனுமதி கிடைக்காவிட்டாலோ கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டாலோ முகாம் கைவிடப்பட்டு, கட்டணம் முழுவதும் ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரப்படும். அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழியில் செல்வதற்கும், காட்டுக்குள் தீ மூட்டுவதற்கும், புகைப்பதற்கும் எவருக்கும் இடமில்லை. மீறுபவர், வயது வந்தவராயினும், அன்றே திருப்பி அனுப்பப்படுவார்.

2. நான் அறிந்து ஏற்கும் இடர்கள்

மலையேற்றத்தில் கவனத்தோடு நடந்தாலும் முற்றிலும் விலக்க முடியாத இடர்கள் உண்டு என்பதை நான் அறிவேன். பனி ஈரம் படிந்த புல்லிலும் உதிர்ந்த சரளையிலும் கால் வழுக்கலாம். கணுக்கால் பிசகலாம், எலும்பு முறியலாம். இறங்கும்போது முழங்கால் வலி கூடலாம். வெயிலில் நீரிழப்பும் மயக்கமும் ஏற்படலாம். பாம்பு, தேள், மலைத்தேனீ ஆகியவற்றால் தீங்கு நேரலாம். அரிதாக, இவை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாதையின் சில பகுதிகளில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது என்பதும், அடிபட்டவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கீழே கொண்டுவர நேரம் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரிவிக்கப்பட்டன. இவற்றை அறிந்தே, என் விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறேன். வழிகாட்டியின் சொல்லை மீறி நான் செய்யும் செயலால் விளையும் தீங்குக்கு நானே பொறுப்பாவேன்.

இந்தக் கையொப்பத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேற்சொன்ன இயல்பான இடர்களை மட்டுமே நீங்கள் ஏற்கிறீர்கள். நைந்த கயிற்றை நாங்கள் பயன்படுத்தினாலோ, தலைக்கவசமின்றி ஒருவரைப் பாறையில் இறக்கினாலோ, உயிர்காப்பு அங்கி தராமல் படகில் ஏற்றினாலோ, உடல்நலக் குறிப்பைப் படிக்காமல் நடக்கவிட்டாலோ, அது எங்கள் கவனக்குறைவு. அதற்காக இழப்பீடு கோரும் உங்கள் உரிமையையோ உங்கள் பிள்ளையின் உரிமையையோ இப்படிவம் பறிக்காது.

3. உடல்நலமும் அவசர மருத்துவமும்

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, நீரிழிவு, தேனீக் கடி அல்லது உணவு ஒவ்வாமை, கடந்த ஆறு மாதத்தில் நேர்ந்த எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் தெரிவிப்பேன். தெரிவித்தால் சேர்க்க மாட்டார்களோ என்ற தயக்கம் வேண்டாம். இன்ஹேலர் யாருடைய பையில் இருக்கிறது என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தால் போதும், பெரும்பாலானோர் நல்லபடியாக ஏறிவிடலாம். ஆபத்து நேர்ந்தால் முதலுதவி அளித்து, 108 ஊர்தியிலோ முகாம் வாகனத்திலோ திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஒப்புதல் அளிக்கிறேன். என்னைத் தொடர்புகொள்ள முயன்றும் இயலாத நிலையில், உயிரையோ உறுப்பையோ காக்க மருத்துவர் தேவை எனக் கருதும் அவசர சிகிச்சைக்கு மட்டும் இந்த ஒப்புதல் பொருந்தும்.

4. 18 வயது நிறையாதவர்களுக்காக

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர் அல்லர். ஆகவே 12 முதல் 17 வயது வரையுள்ள ஒவ்வொருவருக்கும் தந்தை, தாய் அல்லது நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட காப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். எவ்வளவு அன்போடு பார்த்துக்கொள்பவராயினும் பெரியப்பா, மாமா, வகுப்பாசிரியர், பயிற்சியாளர் ஆகியோர் இதில் கையொப்பமிட முடியாது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை யாரிடம் உள்ளதோ அவரே கையொப்பமிடட்டும். பெற்றோர் வெளிநாட்டில் இருப்பின் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பின் வழியாக அங்கிருந்தே கையொப்பமிடலாம்.

கையொப்பத்துக்கான ஓடிபி எண் காப்பாளரின் கைப்பேசிக்கே செல்லும். பிள்ளையின் எண்ணும் காப்பாளரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் படிவம் ஏற்கப்படாது. கையொப்பம் வந்த மறுநாள் எங்கள் பொறுப்பாளர் காப்பாளரைக் கைப்பேசியில் அழைத்து, பிள்ளையின் பெயரையும் முகாம் நாட்களையும் சொல்லி உறுதிசெய்துகொள்வார். பிள்ளைகளே அம்மாவின் கைப்பேசியை எடுத்துக் கையொப்பமிட்டுவிடும் வாய்ப்பு உண்டு என்பதால்தான் இந்த அழைப்பு. அண்ணன் தம்பி இருவர் வந்தாலும் ஆளுக்கொரு படிவம் வேண்டும்.

காப்பாளரின் உறுதிமொழி: இந்தப் பிள்ளையின் தாய், தந்தை அல்லது சட்டப்படியான காப்பாளர் நானே. மேற்கண்ட பகுதிகளை நான் படித்தேன். இடர்களைப் பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். பிள்ளை விரும்பியே வருகிறது. முகாம் நடக்கும் இரு நாட்களும் என் கைப்பேசியை அணைக்காமல் வைத்திருப்பேன்.

பிள்ளையின் இசைவு: மலையில் வழுக்கலாம், அடிபடலாம் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குப் போக விருப்பம். வழிகாட்டி அண்ணன், அக்கா சொல்வதைக் கேட்பேன். தலைசுற்றினாலோ பயமாக இருந்தாலோ உடனே சொல்வேன்; சொன்னால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று உறுதி தந்திருக்கிறார்கள்.

காப்பாளர் கையொப்பமிட்டிருந்தும் பிள்ளை இசையாவிட்டால் அப்பிள்ளையை நாங்கள் அழைத்துச் செல்ல மாட்டோம்.

5. தகவலும் படங்களும்

இங்கே தரும் உடல்நலக் குறிப்புகளை முகாம் பொறுப்பாளரும் முதலுதவியாளரும் மட்டுமே பார்ப்பார்கள். விபத்து ஏதும் நேராவிட்டால் முகாம் முடிந்த 30 நாட்களில் அவை அழிக்கப்படும். கையொப்பமிட்ட படிவம் மட்டும் மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்படும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்வதால், அவர்களைப் பற்றிய எத்தகவலையும் காப்பாளரின் ஒப்புதலோடுதான் பெறுகிறோம். புகைப்படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவதற்கான ஒப்புதல் தனிப் பெட்டியில் உள்ளது. அதை மறுப்பதால் முகாமில் எந்த வேறுபாடும் காட்டப்படாது.

6. கையொப்பம்

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, மின்வடிவில் இருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது எனத் தள்ள முடியாது. ஓடிபி எண்ணை உள்ளிட்டு, திரையில் தோன்றும் கட்டத்துக்குள் விரலால் கையொப்பமிட்டதும், நாளும் நேரமும் பதிந்த படிவத்தின் பிடிஎஃப் பிரதி உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துசேரும். மலையேற்றம் தொடங்கும் நொடி வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரதியில் உள்ள ‘ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்’ என்ற இணைப்பைத் தொட்டாலோ, பொறுப்பாளரிடம் வாய்மொழியாகச் சொன்னாலோ போதும்.